கேட் மோட்டார்: காலையில் பாதியில் நிற்கிறது, கையால் தடுத்தால் நிற்க மாட்டேன் என்கிறது

குமரேசன்_கோவை | 3 டிசம்பர் 2023, இரவு 9:40

வீட்டு ஸ்லைடிங் கேட். 14 அடி, ஷீட் அடிச்சது, 350 கிலோ கிட்ட வரும். 24 வோல்ட் டிசி மோட்டார், உள்ளே வார்ம் கியர், கேட்டில் நைலான் ரேக். வேகம் நொடிக்கு 20 செ.மீ. போர்டு நானே போட்டது: ஆர்டுயினோ நானோ, திசைக்கு ஒண்ணா ரெண்டு ரிலே, வேகத்துக்கு ஒரு மாஸ்ஃபெட், ஏசிஎஸ்712 கரண்ட் சென்சார், ரெண்டு முனையிலும் லிமிட் சுவிட்ச்.

கரண்ட் 3.5 ஆம்பியரைத் தாண்டினா நிறுத்துன்னு எழுதியிருக்கேன். மத்தியானம் ஒழுங்கா ஓடுது. காலையில் ஆறு மணிக்குத் திறந்தா முக்கால் தூரத்தில் நின்னுடும். அந்த இடத்தில் தண்டவாளத்தில் ஒரு வெல்டிங் ஜாயின்ட் இருக்கு. சரின்னு 6க்கு ஏத்தினேன். இப்ப எங்கேயும் நிக்கறதில்லை, ஆனா கையால் தடுத்தா ஆளையே தள்ளிக்கிட்டு வருது. நடுவில் 5 வச்சா காலையில் நிக்கலை, ஆனா தள்றது பாதிதான் குறையுது. எந்த எண் சரி?

நானோ_நவீன் | 3 டிசம்பர், இரவு 10:15

எண்ணைத் தேடறதே வீண் ப்ரோ. கரண்ட் எவ்வளவுன்னு பார்க்காதீங்க, எவ்வளவு வேகமா ஏறுதுன்னு பாருங்க. காலைக் குளிரில் கிரீஸ் கெட்டியானா கரண்ட் மெதுவா கூடும். ஏதாவது குறுக்கே வந்தா சட்டுனு எகிறும். முந்தின ரீடிங்கை இப்போதைய ரீடிங்கில் கழிச்சா போதும்.

இன்னொண்ணு, கரண்ட் சென்சார் இருக்கும்போது லிமிட் சுவிட்ச் தண்டம். கேட் ஸ்டாப்பர்ல முட்டும், கரண்ட் ஏறும், நிறுத்திடலாம். வயர் மிச்சம்.

ஷட்டர்_சுந்தரம் | 4 டிசம்பர், காலை 7:02

எங்க குடோன் கேட்டும் இப்படித்தான் தம்பி. கேட் வெயிட்டுக்கு மோட்டார் பத்தலை, அதான் மூச்சு வாங்குது. பெரிய மோட்டார் போடுங்க, நிக்கவே நிக்காது.

வைண்டிங்_மாமா | 4 டிசம்பர், காலை 11:30

சுந்தரம், அவர் கேட்டது நிக்காம ஓடறதுக்கு வழி இல்லை. நிக்க வேண்டிய இடத்தில் நிக்கறதுக்கு. பெரிய மோட்டார் போட்டா காலை நசுக்கினதுகூடத் தெரியாம சாத்திட்டுப் போயிடும்.

நவீன் சொன்னதில் பாதி சரி. கிரீஸ் விஷயம் சரிதான், மெதுவா ஏறும். ஆனா சட்டுனு ஏறினா மட்டும் தடைன்னு எடுத்தா ரெண்டு இடத்தில் உதைக்கும். முதல்ல அந்த வெல்டிங் ஜாயின்ட். சக்கரம் அதில் ஏறும்போது கரண்ட் எகிறறதுதான் சட்டுனு எகிறறது. அடுத்தது மனுஷ உடம்பு. கல்லு மாதிரி கெட்டியான சாமான் குறுக்கே வந்தா கரண்ட் நிமிர்ந்து ஏறும். வயிறு, தொடை, டயர் இதெல்லாம் அமுங்கிக் கொடுக்கும், கரண்ட் சாய்வா ஏறும். எதைக் காப்பாத்தணுமோ அதுதான் உங்க கணக்கில் கிரீஸ் மாதிரி தெரியும்.

லிமிட் சுவிட்ச் தண்டம்னு சொன்னதுக்கு ராத்திரி வந்து எழுதறேன். கடையில் ஆள் நிக்குது.

குமரேசன்_கோவை | 4 டிசம்பர், மாலை 6:20

சீரியல் மானிட்டர்ல ஓடவிட்டுக் குறிச்சேன். கிளம்பும்போது 14 வரைக்கும் ஒரு தாவல், அரை நொடியில் இறங்கிடுது. அப்புறம் 2.2, 2.4னு சமமா ஓடுது. ஜாயின்ட்ல மட்டும் 3.3. இதெல்லாம் மத்தியானக் கணக்கு. காலையில் எல்லா இடத்திலும் 0.5 கூடும், ஜாயின்ட்டும் 3.8க்கு வந்துடும். 3.5ல் நின்னதுக்குக் காரணம் இதுதான்.

கிளம்பற தாவலுக்காக முதல் 700 மில்லி நொடி கரண்டையே பார்க்காம விட்டிருக்கேன். அது தப்பில்லையே?

வைண்டிங்_மாமா | 4 டிசம்பர், இரவு 10:50

பதில் உங்க கணக்கிலேயே இருக்கு. கேட் முழுசுக்கும் ஒரே எண் வைக்க முடியாது, ஏன்னா கேட் முழுசும் ஒரே பாரம் இல்லை. போற தூரத்தை 16 துண்டாப் பிரிங்க. ஒவ்வொரு துண்டிலும் சாதாரணமா எவ்வளவு கரண்ட் எடுக்குதோ அதை ஒரு தரம் ஓட்டி EEPROM-ல் எழுதி வைங்க. திறக்கறதுக்குத் தனி, சாத்தறதுக்குத் தனி, வாட்டம் இருந்தா ரெண்டும் ஒண்ணா வராது. அந்த எண்ணுக்கு மேல ஒரு 1.2 ஆம்பியர் கூட்டி அதை எல்லையா வைங்க. ஜாயின்ட் துண்டில் 4.5 வரைக்கும் விடும், மத்த இடத்தில் 3.6லேயே பிடிச்சிடும். காலையில் கூடற 0.5 அந்த 1.2க்குள் அடங்கிடும்.

துண்டை நேரத்தை வச்சுப் பிரிக்காதீங்க. கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது வேகம் குறையும், ஜாயின்ட் அடுத்த துண்டுக்குத் தள்ளிப் போயிடும். மோட்டார் ஷாஃப்ட்ல ஒரு காந்தம், பக்கத்தில் ஒரு ஹால் சென்சார். சுத்தை எண்ணிப் பிரிங்க.

முதல் 700 மில்லி நொடி பார்க்காம விடறது சரியில்லை. அதுக்குள்ள கேட் 10 செ.மீ.க்கு மேல நகர்ந்துடும். கேட்டை ஒட்டிச் சைக்கிள் நிறுத்தியிருந்தா அந்த 10 செ.மீ. போதும். மாஸ்ஃபெட் இருக்கில்லை, அரை நொடியில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. தாவல் பாதியாகும். அப்ப கிளம்பும்போது மட்டும் 9 ஆம்பியர்னு ஒரு எல்லை வைக்கலாம், கண்ணை மூடிக்க வேண்டியதில்லை.

லிமிட் சுவிட்ச் நாளைக்கு.

நானோ_நவீன் | 5 டிசம்பர், காலை 8:10

மாமா சொன்னதைக் கோடாக்கிட்டேன். கிளம்பற நேரத்து 9 ஆம்பியர் எல்லை தனி, இது அதுக்கப்புறம் 10 மில்லி நொடிக்கு ஒரு தரம் ஓடணும். ஒரே ஒரு ரீடிங் தாண்டினதுக்கு நிக்கக் கூடாதுன்னு தொடர்ந்து ஆறு தரம் பார்க்குது.

```
float lim = profile[dir][seg] + MARGIN;
if (lim > HARD_MAX) lim = HARD_MAX;
if (amps > lim) over++; else over = 0;
if (over >= 6) stopAndBackOff();
```

`HARD_MAX` என் யோசனை. சரியா ஓடின ஒவ்வொரு தரமும் `profile`-ஐக் கொஞ்சம் திருத்திக்கிட்டே போனா மழைக்காலம், வெயில் காலம் எல்லாத்தையும் அதுவே கத்துக்கும். ஆனா சக்கரத்தில் பேரிங் போய்க்கிட்டே இருந்தாலும் அதையும் "இதுதான் சாதாரணம்"னு கத்துக்கும். ஒரு நாள் 8 ஆம்பியர்கூட சாதாரணமாயிடும். அதுக்குத்தான் மேல ஒரு பூட்டு, 5ல்.

வைண்டிங்_மாமா | 5 டிசம்பர், மதியம் 2:05

பூட்டு நல்லா இருக்கு. தானா கத்துக்கறது எனக்குப் பிடிக்கலை. வருஷத்துக்கு ரெண்டு தரம் ஆள் நின்னு, தண்டவாளத்தைக் கூட்டி, கிரீஸ் வச்சு, அப்புறம் கத்துக்கொடுத்தா போதும். கேட் இறுகுதுன்னா அது நின்னு சொல்லட்டும், நாம போய்ப் பார்க்கறோம்.

கிளாங்_ரேவதி | 5 டிசம்பர், இரவு 8:45

நான் மலேசியா, கிளாங். இங்கே தாமான் வீடு எல்லாத்துலயும் ஆட்டோகேட்தான், எங்களது ரெண்டு கதவு, கை மாதிரி ஆர்ம் வச்சுத் தள்றது. காத்து அடிச்சா பாதியில் நின்னு திரும்பத் திறந்துக்குது. எனக்கும் இந்த 16 துண்டு வழி உதவுமா? காத்து ஒரு இடத்தில் மட்டும் அடிக்காதே.

இன்னொரு விஷயம், எங்க லிமிட் சுவிட்ச் பெட்டிக்குள்ள எறும்பு கூடு கட்டி சுவிட்ச் ஒட்டிக்கிச்சு. கேட் முட்டிக்கிட்டே நின்னு மோட்டார் வாசனை வந்த பிறகுதான் பார்த்தோம்.

வைண்டிங்_மாமா | 5 டிசம்பர், இரவு 11:15

ரேவதிம்மா, காத்துக்கு உதவாது. தகரம் அடிச்ச கதவு காத்துக்குப் பாய்மரம். காத்து தள்றதும் ஆள் தள்றதும் மோட்டாருக்கு ஒண்ணுதான், கரண்டை வச்சுப் பிரிக்கவே முடியாது. கதவில் தகரத்தைக் குறைச்சுக் கம்பி விடறதுதான் வழி. எல்லையை மட்டும் ஏத்திக்காதீங்க.

உங்க எறும்புக் கதை நவீனுக்கு நல்ல பாடம். சுவிட்ச் செத்தா கரண்ட் காப்பாத்தணும், கரண்ட் சென்சார் செத்தா சுவிட்ச் காப்பாத்தணும். ஒண்ணை எடுத்துட்டா மிச்சத்துக்குத் துணை கிடையாது. ஸ்டாப்பர்ல முட்டி நிறுத்தறது ஓடாதுன்னு சொல்லலை, ஓடும். ஆனா கேட் தூணை நெருங்கற கடைசி அரை அடிதான் கை மாட்டற இடம். அங்கே கரண்ட் ஏறினா அது தூணா, விரலா? சுவிட்ச் இருந்தா சொல்லலாம்: சுவிட்ச் தட்டறதுக்கு முன்னாடி ஏறினா அது தூண் இல்லை.

வயரிங்ல ஒண்ணைக் கவனிங்க. லிமிட் சுவிட்ச்சில் சும்மா இருக்கும்போது சேர்ந்திருக்கிற காண்டாக்டில்தான் கொடுக்கணும், தட்டினா பிரியணும். அப்ப எலி வயரைக் கடிச்சாலும் முனைக்கு வந்துட்டதா நினைச்சு நிக்கும். மாத்திக் கொடுத்தா வயர் அறுந்தது யாருக்கும் தெரியாது, கேட் ஓடிக்கிட்டே இருக்கும். அதே வயரை நானோவுக்கு மட்டும் கொண்டு போகாம, அந்தத் திசை ரிலே காயிலோட வரிசையாவும் போடுங்க. நானோ தொங்கிப் போனாலும் ரிலே விழுந்துடும்.

குமரேசன்_கோவை | 6 டிசம்பர், இரவு 7:30

எனக்கு நானோவுக்கு மட்டும்தான் போகுது. ஞாயிற்றுக்கிழமை மாத்தறேன். மாமா, ரிலேவே ஒட்டிக்கிட்டா? காயில் விழுந்தாலும் காண்டாக்ட் விடாதே.

கிளாங்_ரேவதி | 6 டிசம்பர், இரவு 9:00

எங்க கேட் ஆள் வேற மாதிரி செஞ்சிருக்கார். சுவிட்ச் நேரா மோட்டார் வயர்லயே இருக்கு, அதுக்குக் குறுக்கே ஒரு டையோடு. முனையில் சுவிட்ச் பிரிஞ்சா அந்தப் பக்கம் போக வழியில்லை, திரும்பி வர்றதுக்கு டையோடு வழியா கரண்ட் போகும். அதுல ரிலே ஒட்டினாலும் நிக்கும்தானே?

வைண்டிங்_மாமா | 6 டிசம்பர், இரவு 11:40

நிக்கும். அது பழைய, நல்ல வழி. ஆனா அந்தச் சின்ன மைக்ரோ சுவிட்ச் மேல 15 ஆம்பியர்னு போட்டிருக்கிறது ஏசிக்கு. டிசியில் மோட்டார் கரண்டை அறுக்கும்போது பொறி இழுக்கும், நாள்பட அதுவும் கருகி ஒட்டும். ரெண்டு வழியிலும் ஒரு ஓட்டை இருக்கு. நான் காயில் பக்கம்தான் போடுவேன், ஒத்துக்காதவங்களும் உண்டு.

ரிலே ஒட்டறதுக்குக் குமரேசன் சர்க்யூட்லயே மருந்து இருக்கு. ரெண்டு ரிலேயும் விழுந்திருந்தா மோட்டாரோட ரெண்டு முனையும் கீழ்ப்பக்கம் சேர்ந்து நிக்கும், ஒண்ணு ஏறினா அந்த முனைக்கு 24 வோல்ட். சரியா? சாத்தற ரிலே ஒட்டிக்கிச்சுன்னு வைங்க. முதல்ல மாஸ்ஃபெட் அணையும், மோட்டார் நிக்கும். மாஸ்ஃபெட்டும் செத்திருந்தா? அது செத்தா பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும், மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும். அப்ப திறக்கற ரிலேயையும் போடுங்க. ரெண்டு முனையிலும் 24 வந்துடும், வித்தியாசம் பூஜ்யம், மோட்டார் பிரேக் அடிச்ச மாதிரி நிக்கும். நிறுத்தச் சொல்லி 200 மில்லி நொடி ஆகியும் கரண்ட் ஓடினா இதைச் செய்யின்னு எழுதுங்க.

இதுக்குக் கரண்ட் சென்சார் எங்கே இருக்குன்னு சொல்லணும். சப்ளை வயர்லயா, மோட்டார் வயர்லயா?

குமரேசன்_கோவை | 7 டிசம்பர், காலை 6:50

சப்ளை பிளஸ் வயர்ல.

வைண்டிங்_மாமா | 7 டிசம்பர், காலை 9:10

மாத்துங்க. மாஸ்ஃபெட் வேகம் குறைக்கும்போது சப்ளையில் கரண்ட் விட்டு விட்டு வரும், சராசரி எடுத்தா உண்மையைவிடக் குறைவாத் தெரியும். 40 சதவீதத்தில் ஓட்டினா மோட்டாருக்குள்ள 5 ஆம்பியர் ஓடும், சப்ளையில் 2தான் காட்டும். தள்ற பலம் மோட்டாருக்குள்ள ஓடற கரண்டைப் பொறுத்தது. மெதுவா ஓடும்போதுதான் பாதுகாப்பு வேணும், அப்பத்தான் சென்சார் குறைச்சுச் சொல்லும்.

அப்புறம், சென்சார் செத்தா பூஜ்யம் காட்டலாம், பாரமே இல்லாத மாதிரி. அதனால கிளம்பறதுக்கு முன்னாடி நின்ன நிலையில் ரீடிங் பாருங்க. அது 2.5 வோல்ட்டை ஒட்டி இருக்கணும், இல்லைன்னா கேட்டை நகர்த்தாதீங்க. கிளம்பின பிறகும் 1 ஆம்பியர்கூட வரலைன்னா நிறுத்துங்க. வயர் அறுந்திருக்கும், இல்லை சென்சார் போயிருக்கும்.

குமரேசன்_கோவை | 10 டிசம்பர், மாலை 5:15

எல்லாம் மாத்தியாச்சு. வீட்டு எடை மெஷினைத் தூணுக்கும் கேட்டுக்கும் நடுவில், மரக்கட்டை வச்சு நிறுத்திப் பார்த்தேன். பழைய 6 ஆம்பியர்ல 22 கிலோ காட்டிச்சு. புதுக் கணக்கில் 9 கிலோ. காலையிலும் நிக்காம ஓடுது. வீட்டில் எடை மெஷினுக்கு என்ன ஆச்சுன்னு கேள்வி.

ஒண்ணு மட்டும் உறுத்துது. கேட் நின்ன பிறகும் மெஷின் அதே 9 கிலோவைக் காட்டிக்கிட்டே இருக்கு.

நானோ_நவீன் | 10 டிசம்பர், மாலை 5:40

9 கிலோன்னா 90 நியூட்டன் கிட்ட. ஐரோப்பிய நிலைத்தரம் ஈ.என். 12453 இடைவெளி 50 மி.மீ.லிருந்து 500 மி.மீ. வரைக்கும் 400 நியூட்டனை அனுமதிக்குது. நாலில் ஒரு பங்குக்கும் கீழே. பாஸ்!

வைண்டிங்_மாமா | 10 டிசம்பர், இரவு 10:30

அந்த 400 முட்டற முதல் அடிக்கு. அதுவும் முக்கால் நொடிக்குள்ள 150க்குக் கீழே இறங்கணும். எடை மெஷின் காட்டறது முட்டி நின்ன பிறகு அழுத்தற கனம், 150ஓடதான் ஒப்பிடணும். முதல் அடியைப் பிடிக்கிற வேகம் அதுக்குக் கிடையாது, அதுக்கு ஸ்பிரிங் வச்ச தனி மீட்டர் இருக்கு.

முதல் அடி மோட்டாரோடது இல்லை, கேட்டோடது. 350 கிலோ நொடிக்கு 20 செ.மீ.ல வந்தா 7 ஜூல். கரண்ட் ஏறறதே கேட் முட்டி வேகம் குறைஞ்ச பிறகுதான், எல்லையை எவ்வளவு இறக்கினாலும் அந்த 7 ஜூல் முன்னாடியே போய்ச் சேர்ந்திருக்கும். அதனால கடைசி அரை மீட்டர் வேகத்தை 8 செ.மீ.க்கு இறக்குங்க. வேகம் ரெண்டரை மடங்கு குறைஞ்சா அடி ஆறு மடங்கு குறையும், 1.1 ஜூல்தான். முன் விளிம்பில் தடிமனா ரப்பர் வைங்க. சாத்தும்போது கண் உயரத்தில் வேண்டாம், முழங்கால் உயரத்தில் ஒரு ஐஆர் பீம் போடுங்க, தொடாமலே நிக்கட்டும். கரண்ட் கடைசிக் காவல்தான்.

9 கிலோ விடாம நிக்கறது வார்ம் கியர். அது பின்னாடி சுத்தாது. மோட்டாரை நிறுத்தினாலும் மாட்டின கை மாட்டினபடிதான். அதான் நிறுத்தினா போதாது, கால் நொடி விட்டு 15 செ.மீ. பின்னாடி இழுக்கணும். நவீன் `stopAndBackOff` எழுதியிருக்கார், உள்ளே என்ன இருக்கு?

நானோ_நவீன் | 10 டிசம்பர், இரவு 10:52

இப்போதைக்கு stop மட்டும் இருக்கு :)

நானோ_நவீன் | 11 டிசம்பர், காலை 7:30

ராத்திரி எழுதிட்டேன். ஆனா ஒரு சந்தேகம். திறக்கும்போது தடை வந்தாலும் பின்னாடி இழுக்கலாமா? அந்தப் பக்கம் தூண்ல வேற யாராவது நின்னா?

வைண்டிங்_மாமா | 11 டிசம்பர், காலை 10:00

15 செ.மீ.க்கு மேல போகாதீங்க, மெதுவாப் போங்க, போகும்போதும் கரண்டைப் பாருங்க. அப்பவும் தடைன்னா எதுவும் செய்யாம நின்னுட்டு லைட்டைச் சிமிட்டுங்க. சாவி போட்டுக் கிளட்ச்சை விடுவிக்கிறது வீட்டில் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். அந்தச் சாவி பீரோவுக்குள்ள இருக்கக் கூடாது.

ஷட்டர்_சுந்தரம் | 11 டிசம்பர், மதியம் 1:20

எல்லாம் படிச்சேன். எங்க குடோன் மோட்டார் 230 வோல்ட் ஏசி, கெபாசிட்டர் வச்சது. கிளாம்ப் மீட்டர்ல பார்த்தேன். சும்மா ஓடும்போது 2.1, நாலு பேர் சேர்ந்து பிடிச்சு இழுத்தப்ப 2.3. முழுசா நின்னாதான் 5க்கு மேல போகுது. எங்களுக்கு இந்தக் கரண்ட் வித்தை நடக்காதா?

வைண்டிங்_மாமா | 11 டிசம்பர், இரவு 9:15

நடக்காது சுந்தரம். இப்பதான் சரியான கேள்வி கேட்டிருக்கீங்க. அந்த மோட்டார் சும்மா சுத்தறதுக்கே கோர்ல காந்தம் ஏத்த நிறைய கரண்ட் எடுத்துக்கும், பாரம் கூடினா மேல கொஞ்சம்தான் சேரும். முழுசா நின்ன பிறகு 5 காட்டி என்ன பிரயோஜனம், அதுக்குள்ள ஆளை அமுக்கியிருக்கும். நீங்க கரண்டை விட்டுட்டு வேகத்தைப் பாருங்க. ஒவ்வொரு சுத்துக்கும் எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எடுத்து, அந்தத் துண்டில் வழக்கமா ஆகறதைவிடக் கூடினா நிறுத்தணும். அதே 16 துண்டுதான். ஆனா ஏசி மோட்டார் கடைசி வரைக்கும் வேகத்தை அவ்வளவா விட்டுக்கொடுக்காது, அதனால உங்களுக்கு அமுக்கினா நிக்கற ரப்பர் விளிம்பு பட்டியும் கட்டாயம் வேணும்.

ஷட்டர்_சுந்தரம் | 11 டிசம்பர், இரவு 9:40

காந்தத்தை எங்கே ஒட்டறது? கியர் ஆயில்லயே முங்கிக் கிடக்கு. மேல பினியன்ல ஒட்டலாமா?

வைண்டிங்_மாமா | 11 டிசம்பர், இரவு 10:05

பினியன் நொடிக்கு ஒரு சுத்துதான் வரும், அடுத்த பல்ஸ் வர்றதுக்குள்ள கேட் 20 செ.மீ. போயிடும். மோட்டார் பின்பக்க மூடியைக் கழட்டுங்க, ஃபேன் இருந்தா அதுல எதிரெதிரா ரெண்டு காந்தம். ஃபேன் இல்லாத மாடலா இருந்தா போட்டோ போடுங்க, பார்க்கலாம். மெயினை இறக்கிட்டுக் கழட்டுங்க, கெபாசிட்டர் முனையைத் தொடாதீங்க.